ஒரே கடை, எட்டுக் கைகள்: மகளிர் குழுவாக ஒன்லைனில் விற்று, ஓடரையும் வேலையையும் காசையும் நியாயமாகப் பிரிக்கும் முறை

மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று பேஸ்புக் பக்கம் திறப்பதும், வட்ஸ்அப்பில் படம் போடுவதும் ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. சிக்கல் முதல் ஓடரோடு தொடங்குகிறது. கறித்தூள் இரண்டு பக்கெட் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். குழுவில் கறித்தூள் இடிப்பவர்கள் மூன்று பேர். யாருடையதைக் கொடுப்பது? போன் யார் கையில் இருக்கிறதோ அவருடையது போகும், அல்லது அவருக்கு நெருக்கமானவருடையது போகும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, கைக்கு எட்டியது போய்விடுகிறது. இரண்டு மாதத்தில் மற்ற இருவரும் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள்.

கொழும்பில் குழுக்களோடு வேலை செய்ததில் நான் பார்த்தவரை, விற்பனை குறைந்து உடைந்த குழுக்களைவிட, விற்பனை கூடிய நேரத்தில் உடைந்தவைதான் அதிகம். ஆகவே படம் எடுப்பது, விளம்பரம் போடுவது பற்றி இங்கே நான் அதிகம் எழுதவில்லை. ஓடரை யாருக்குக் கொடுப்பது, பார்சலை யார் கட்டுவது, காசை எப்படிப் பிரிப்பது என்ற மூன்றையும் விரிவாகப் பார்ப்போம்.

உதாரணத்துக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கம் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். மூன்று பேர் யாழ்ப்பாணக் கறித்தூள், இரண்டு பேர் தட்டைவடை, ஒருவர் எள்ளுருண்டை, இரண்டு பேர் துணிப்பை. கீழே வரும் விலைகள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. உங்கள் சந்தை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் முடிக்க வேண்டிய தாள் வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழுவுக்கென்று ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். மூன்று பேர் கையொப்பக்காரர், அதில் எந்த இருவர் கையெழுத்திட்டாலும் காசு எடுக்கலாம் என்று ஏற்பாடு செய்யுங்கள். வங்கி குழுவின் யாப்பு, கூட்டக் குறிப்பு, அடையாள அட்டைப் பிரதிகள் போன்றவற்றைக் கேட்கும். கணக்குத் திறக்கும்வரை ஒரு உறுப்பினருடைய சொந்தக் கணக்கில் காசு வாங்குவோம் என்று தொடங்காதீர்கள். அவருடைய வீட்டுச் செலவும் குழுக் காசும் ஒன்றாகக் கலந்தபின், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவரால் அதை நிரூபிக்க முடியாது.

வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்தவர்களுக்குக் கொழும்புப் பிரதேச செயலகம், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தவர்களுக்குத் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகம். உணவுப் பொருள் விற்பதானால் உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலே பேசிவிடுங்கள். இலங்கையில் உணவு விற்பனை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. வீட்டில் செய்தாலும் அது பொருந்தும். பக்கெட்டில் பொருளின் பெயர், சேர்மானங்கள், தேறிய நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி எண், விலை, செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அந்தத் தொகுதி எண்தான் நம்முடைய பங்கீட்டுக்கும் அச்சாணி. அதற்கு இப்போது வருவோம்.

ஒரே பெயர், ஆனால் ஒவ்வொரு கைக்கும் ஒரு குறி

மூன்று பேர் செய்யும் கறித்தூள் ஒரே லேபலில் போக வேண்டுமானால் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் மூவரும் ஒருநாள் கூடி, மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் எல்லாவற்றுக்கும் கிராம் கணக்கில் ஒரு அளவு எழுதுங்கள். "ஒரு சுண்டு", "ஒரு கைப்பிடி" என்று எழுதினால் சரிவராது. எந்த நிறம் வரும்வரை வறுப்பது என்பதற்கு, எல்லோரும் ஒத்துக்கொண்ட தூளில் ஒரு சிறு போத்தலை மாதிரியாக எடுத்து வையுங்கள். ஒளி படாத இடத்தில் வைத்தால் நிறம் கொஞ்சக் காலம் நிற்கும். இரண்டு மாதத்துக்கொருமுறை மாதிரியைப் புதிதாக மாற்றுங்கள்.

அடுத்தது, ஒருவருடைய தூளோடு மற்றவருடையதை ஒருநாளும் கலக்கக் கூடாது. கறித்தூள்காரர் மூவருக்கும் க1, க2, க3. தட்டைவடைக்கு த1, த2. எள்ளுருண்டைக்கு எ1. பைக்காரருக்கு ப1, ப2. தொகுதி எண்ணில் இந்தக் குறியும் செய்த திகதியும் சேர்ந்து வரும். ஜூன் 14ஆம் திகதி இரண்டாமவர் செய்த தூள் க2-1406. வாடிக்கையாளருக்கு அது வெறும் எண். பக்கெட்டில் கட்டி விழுந்திருக்கிறது என்று ஒருவர் படம் அனுப்பினால், யாருடையது, எப்போது செய்தது, அதே நாளில் செய்த மற்றப் பக்கெட்டுகள் எங்கே போயின என்று ஐந்து நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். குறி இல்லாவிட்டால் மூவர் மேலும் சந்தேகம் விழும்.

கட்டி விழுவதற்குப் பெரும்பாலும் காரணம், மில்லில் இருந்து வந்த தூள் சூடாக இருக்கும்போதே பக்கெட்டில் போடுவது. உள்ளே வேர்த்து ஈரமாகிறது, அப்புறம் பூஞ்சணம். கொழும்பின் ஈரக் காற்றுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அகலத் தட்டில் பரப்பி, சுத்தமான துணியால் மூடி, முழுவதும் ஆறிய பிறகே அடையுங்கள். ஆறியதும் உடனே சீல் வைத்துவிட வேண்டும். திறந்தபடி இராமுழுக்க விட்டால் காற்றின் ஈரத்தை அதுவே இழுத்துக்கொள்ளும்.

ஓடரைப் பங்கிடுவது: ஆள் கணக்கல்ல, பக்கெட் கணக்கு

பல குழுக்கள் ஓடரைச் சுற்றிவரக் கொடுக்கும். முதல் ஓடர் க1க்கு, அடுத்தது க2க்கு. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் க1க்கு வந்த ஓடரில் ஒரு பக்கெட், க2க்கு வந்ததில் பன்னிரண்டு பக்கெட் என்றால் என்ன செய்வது? அதிர்ஷ்டம் பங்கிடுகிறது, குழு பங்கிடவில்லை.

ஆகவே ஒரு முறை என்பதைப் பக்கெட் எண்ணிக்கையில் வையுங்கள். கறித்தூளுக்கு ஒரு முறை 10 பக்கெட், தட்டைவடைக்கு 6 பக்கெட், பைக்கு 1. க1இன் பத்துப் பக்கெட் விற்று முடியும்வரை வருகிற எல்லாக் கறித்தூள் ஓடரும் அவருடையதில் இருந்து போகும். பத்து முடிந்ததும் க2, அப்புறம் க3, திரும்பவும் க1. ஒரு ஓடர் நடுவில் விழுந்தால், அதாவது க1இடம் மூன்றே மீதியிருக்கும்போது ஐந்து பக்கெட் ஓடர் வந்தால், மூன்று க1, இரண்டு க2. ஒரே வீட்டுக்கு இரண்டு கைத்தூள் போகும். அளவு ஒன்றாக இருந்தால் அதில் குறையில்லை.

இதற்காக ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய கொப்பி ஒன்று, பொதி கட்டும் வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் தொங்க வேண்டும். போனிலோ, ஒருவருடைய மனதிலோ இருந்தால் போதாது. ஒவ்வொரு கறித்தூள்காரரும் தன்னுடைய முறைக்குரிய பத்துப் பக்கெட்டை அந்த வீட்டில் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். தட்டைவடையை அப்படி வைக்க முடியாது. எண்ணெய்ப் பலகாரம் நாளாக ஆகச் சிக்கு மணம் பிடிக்கும். ஓடரைச் சேர்த்து, பார்சல் அனுப்பும் நாளுக்கு முந்தின நாள் பொரிப்பதே நல்லது.

இனி இந்த முறைக்கு மூன்று விலக்குகள் எழுதி வைக்க வேண்டும்.

ஒருவருக்கு வருத்தம், வீட்டில் ஒரு செத்தவீடு, பிள்ளைப்பேறு என்றால் அவருடைய முறை தவறும். அவர் திரும்பி வந்ததும் அடுத்த முறை அவருக்கு. ஆனால் தவறிய முறைகளை எல்லாம் சேர்த்து வைத்துக் கேட்க முடியாது, ஒன்றுதான். இல்லாவிட்டால் மூன்று மாதம் வராதவர் வந்து மூன்று மாத ஓடரைக் கேட்பார், அந்த மூன்று மாதமும் குழுவைத் தாங்கியவர்கள் சும்மா இருக்க வேண்டி வரும்.

சில வாடிக்கையாளர் "போனதடவை அனுப்பினதே வேணும்" என்பார்கள். குறியைப் பார்த்து, அதைச் செய்தவருடையதையே கொடுங்கள், மறுத்து வாடிக்கையை இழக்க வேண்டாம். ஆனால் அதை அவருடைய பத்தில் கழியுங்கள். ஒருவருடைய குறியை மட்டும் பலர் கேட்கத் தொடங்கினால் மற்ற இருவரும் கோபப்படாமல் அவரோடு ஒருநாள் இருந்து வறுக்க வேண்டும். ஏதோ ஒரு வித்தியாசம் அங்கே இருக்கிறது.

தீபாவளி, பொங்கல், கல்யாண வீடு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று ஐம்பது, நூறு பக்கெட் கேட்டால் முறையை நிறுத்திவிட்டு, செய்பவர்கள் எல்லோருக்கும் சமமாகப் பிரியுங்கள். ஒருவருடைய பங்கு நேரத்துக்கு வராவிட்டால் யார் நிரப்புவது என்பதையும் ஓடரை ஏற்கும் அன்றைக்கே பேசி முடியுங்கள்.

பேஸ்புக் பக்கத்தில் யாருடைய பொருளின் படம் எந்த நாளில் வருகிறது என்பதும் ஓடர்தான். வெள்ளி பின்னேரம் போடும் படம் எப்போதும் ஒரே பொருளுடையதாக இருந்தால் அந்தப் பொருள்தான் விற்கும். படத்துக்கும் ஒரு சுற்று எழுதி வையுங்கள்.

போன் முறை

ஒரே இலக்கம், குழுவுக்கென்று வாங்கிய சிம், அதில் வட்ஸ்அப் பிஸ்னஸ். அதன் லேபல்களில் New order, Pending payment, Paid, Order complete என்று ஏற்கெனவே இருக்கும். அவையே போதும். ஒரு வாரத்துக்கு ஒருவர் என்று போன் முறை மாறட்டும். கைப்பிள்ளை உள்ளவர், வயதானவரைப் பார்ப்பவர் என்று வீட்டை விட்டு வர முடியாதவருக்கு இது நல்ல வேலை. அதே கணக்கை Linked devices மூலம் இன்னொரு போனிலும் இணைக்கலாம் என்பதால் சிம்மை வாராவாரம் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. வாரம் முடிந்ததும் பழைய இணைப்பை எடுத்துவிடுங்கள். Two-step verification போட்டு, அதன் இலக்கத்தை இருவர் மட்டும் வைத்திருங்கள். அழைத்து ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் சொல்லக் கூடாது. சொன்னால் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் போய்விடும்.

கொழும்பில் பாதிக் கேள்விகள் சிங்களத்தில் வரும். விலை, அனுப்பும் நாள், வங்கி விவரம் ஆகிய மூன்றுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பதில் எழுதி Quick replies இல் சேமித்துவிட்டால், சிங்களம் வராதவரும் போன் முறை எடுக்கலாம். "எனக்குச் சிங்களம் தெரியாது" என்பதால் வேலை எப்போதும் ஒரே இருவரிடம் விழுவதை இது தடுக்கும்.

போன்காரருக்கு இரண்டே சட்டம். கொப்பியில் எண் போடாத ஓடர் ஓடரே இல்லை. அடுத்து, வங்கிச் சிட்டையின் படத்தை நம்பிப் பார்சல் அனுப்பக் கூடாது. திருத்திய சிட்டை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கணக்கைத் திறந்து காசு விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே Paid லேபல்.

பொதி கட்டுவது

நாள்தோறும் கட்டினால் எல்லோருக்கும் அலுத்துவிடும். செவ்வாய், வெள்ளி என்று வாரத்துக்கு இரண்டு நாள் வையுங்கள். முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஓடர் மூடினால் தட்டைவடைக்காரருக்குப் பொரிக்க நேரம் கிடைக்கும். போயா விடுமுறை விழும் வாரத்தில் நாளை மாற்றி முன்கூட்டியே பக்கத்தில் அறிவித்துவிடுங்கள். பொரித்த பலகாரம் ஒரு விடுமுறைக்காகக் கூரியர் களஞ்சியத்தில் கிடக்கக் கூடாது.

ஒவ்வொரு நாளும் இரண்டு பேர். ஒருவர் கொப்பியைப் பார்த்து வாசிக்க, மற்றவர் எடுத்து வைக்க வேண்டும். தனி ஆள் கட்டும்போதுதான் பக்கெட் மாறிப் போகிறது. மூடும் முன் பெட்டிக்குள் இருப்பதையும் ஓடர் எண் எழுதிய துண்டையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். "ஒண்டு குறையுது" என்று வாடிக்கையாளர் சொன்னால் அந்தப் படமே பதில். உண்மையில் குறைந்திருந்தாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

நம்முடையது போன்ற கலந்த பொதியில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கறித்தூளின் மணம் துணியில் ஏறும், தட்டைவடையிலும் ஏறும். தூளைச் சீல் வைத்த பக்கெட்டோடு இன்னொரு தடித்த பொலித்தீன் உறையில் போட்டுக் கட்டி, பையைத் தனியாக உறையிட்டு, அதற்குப் பிறகே ஒரே பெட்டியில் வையுங்கள். தட்டைவடை மேலே, தூள் கீழே. இடைவெளியை நிரப்பப் பழைய பத்திரிகைத் தாள் போதும், ஆனால் அது உணவின் மேல் நேராகப் படக் கூடாது. பெரிய பெட்டியில் காற்றை அடைத்து அனுப்பினால், பெட்டியின் அளவை வைத்துக் கூலி போடும் கூரியர்களிடம் நிறையைவிடக் கூடக் கட்ட வேண்டி வரும்.

இதெல்லாம் வேலை. இரண்டு மணித்தியாலம் குனிந்து டேப் ஒட்டுவதைச் "சேவை" என்று வைத்தால், வெளியே வேலையில்லாதவர் தலையில்தான் அது விழும். பொதிக்குக் கூலி போடுங்கள். எத்தனை மணி நேரம் என்று பார்க்காமல், ஒரு பொதிக்கு இவ்வளவு என்று வைப்பதே இலகு, ஒருவர் ஆறுதலாகக் கட்டினாலும் சண்டை வராது.

காசு: எண்பதும் இருபதும்

விற்ற விலையில் 80 வீதம் செய்தவருக்கு, 20 வீதம் குழுவுக்கு. பக்கெட்டும் லேபலும் செய்தவருடைய எண்பதுக்குள். வெளிப்பெட்டி, டேப், பொதிக் கூலி, போன் கூலி, டேட்டா ஆகியவை குழுவின் இருபதுக்குள். கூரியர் கூலி இந்தக் கணக்குக்குள் வருவதேயில்லை. வாடிக்கையாளரிடம் வாங்கி அப்படியே கூரியருக்குப் போகும் காசு அது. அதை வருமானமாக எழுதினால் எல்லாப் பங்கும் பிழைக்கும்.

எண்பதுக்குள் தன் செலவு அடங்குகிறதா என்று ஒவ்வொருவரும் முதலே பார்க்க வேண்டும். மிளகாயும் மல்லியும் வறுக்கும்போது ஈரம் போய் நிறை குறையும், மில்லிலும் கொஞ்சம் தங்கும். கடையில் வாங்கிய கிலோவை வைத்துக் கணக்குப் போட்டால் தெரியாமலே நட்டம். கடைசியில் கையில் வந்த தூளை நிறுத்து, மொத்தச் செலவை அதனால் பிரியுங்கள்.

இப்போது ஒரு பொதி. இரண்டு கறித்தூள் 650 ரூபா வீதம் 1,300, ஒரு தட்டைவடை 450, ஒரு பை 800. மொத்தம் 2,550 ரூபா. கறித்தூள்காரருக்கு 1,040, தட்டைவடைக்காரருக்கு 360, பைக்காரருக்கு 640. குழுவுக்கு 510. அந்த 510இல் பொதி கட்டிய இருவருக்கும் சேர்த்து 60, போன்காரருக்கு 40, பெட்டிக்கும் டேப்புக்கும் 80. ஆக 180 போக, 330 பொது நிதிக்கு.

ஒரேயொரு தட்டைவடைப் பக்கெட் ஓடரானால்? 450இன் இருபது வீதம் 90. செலவு அதே 180. ஒவ்வொரு சின்னப் பார்சலுக்கும் குழு 90 ரூபா கையிலிருந்து போடுகிறது. செலவு சரிக்குச் சரியாக வர ஓடர் 900 ரூபாவாக இருக்க வேண்டும். ஆகவே ஆகக் குறைந்த ஓடர் 1,000 ரூபா என்று வைத்து, பக்கத்தில் தெளிவாகப் போடுங்கள். உங்கள் செலவை இருபது வீதத்தால் பிரித்தால் உங்களுக்குரிய எல்லை வரும்.

பைக்காரர் ஒரு கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும்: "என்ர பைக்கு 160 எடுக்கிறீங்கள், வடைக்கு 90தான். கட்டுற வேலை ஒண்டுதானே?" உண்மைதான். ஆனால் விலை கூடிய பொருளுக்குத்தான் படம், கேள்வி பதில், திருப்பி அனுப்பல் எல்லாம் கூட வருகின்றன. அதைச் சொல்லி எல்லோரும் ஒத்துக்கொண்டால் வீதமே நல்லது. 3,000 ரூபாவுக்கு மேற்பட்ட பொருள் யாராவது கொண்டுவந்தால் அதற்கு ஒரு உச்ச எல்லை வைக்கலாம்.

இரண்டு வாரக் கணக்கு

இரண்டு வாரத்துக்கொருமுறை ஞாயிறு பின்னேரம் காசு பிரியுங்கள். மாதம் ஒருமுறை என்றால் மிளகாய் வாங்கக் காசில்லாமல் சிலர் கடன்படுவார்கள், வாரம் ஒருமுறை என்றால் கணக்குப் பிள்ளைக்குத் தாங்காது. வங்கியில் விழுந்த காசை மட்டுமே பிரிக்க வேண்டும். கூரியர் வாடிக்கையாளர் வீட்டில் வாங்கிக்கொண்டு நமக்கு இன்னும் அனுப்பாத காசு "வரவேண்டியது" என்ற தனித் தாளில் இருக்கட்டும்.

கணக்கை கூகிள் ஷீட்டில் வைத்தால், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி: A ஓடர் எண், B திகதி, C வாடிக்கையாளர், D உறுப்பினர் குறி, E எண்ணிக்கை, F தொகை, G காசின் நிலை. க2உடைய பங்கு இப்படி வரும்:

```
=SUMIFS(F:F,D:D,"க2",G:G,"வந்தது")*0.8
```

காசு கொடுத்து முடிந்த உடனே அந்த வரிகளில் "வந்தது" என்பதைக் "கொடுத்தது" என்று மாற்ற மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த முறை அதே காசு திரும்பவும் கூட்டில் வரும். வங்கி மீதியும் தாளின் மீதியும் ஒவ்வாத போதெல்லாம் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

நம் குழு இரண்டு வாரத்தில் 42 பொதி அனுப்பியது, இரண்டு திரும்பி வந்தன என்று வைப்போம். காசு வந்த 40 பொதியில் 60 கறித்தூள் (39,000), 36 தட்டைவடை (16,200), 20 எள்ளுருண்டைப் பக்கெட் 400 வீதம் (8,000), 11 பை (8,800). மொத்தம் 72,000 ரூபா. செய்தவர்களுக்கு 57,600. கறித்தூள்காரர் மூவரும் ஆளுக்கு இரண்டு முறை முடித்ததால் ஒவ்வொருவருக்கும் 10,400. தட்டைவடைக்காரர் இருவருக்கும் 6,480 வீதம். எள்ளுருண்டைக்கு 6,400. ஆறு பை விற்றவருக்கு 3,840, ஐந்து விற்றவருக்கு 3,200.

குழுவுக்கு வந்த 14,400இல் 42 பொதிக்குக் கட்டுகூலி 2,520, போன் கூலி 1,680, பெட்டி, டேப் 3,360, திரும்பிய இரண்டுக்கும் கூரியர் கூலி 800, டேட்டா 800, கணக்கு எழுதியவருக்கு 1,000, வீட்டில் இடம் தந்தவருக்கு 1,000. ஆக 11,160. மீதி 3,240 பொது நிதிக்கு. திரும்பிய பொதிக்கும் கட்டியவருக்குக் கூலி உண்டு, அவர் வேலையைச் செய்துதான் இருக்கிறார்.

இதில் பைக்காரரின் 3,200ஐயும் கறித்தூளின் 10,400ஐயும் பாருங்கள். விற்பனையைச் சமமாக்க முயல வேண்டாம் என்பதுதான் என் கருத்து. விற்றவருடைய காசை எடுத்து விற்காதவருக்குக் கொடுத்தால் நன்றாகச் செய்பவர் தனியாகப் போய்விடுவார். ஆனால் வேலையைக் கொடுக்கும்போது குறைவாக விற்றவருக்கு முதல் உரிமை கொடுக்கலாம். அந்தப் பைக்காரர் 10 பொதி, 12 பொதி வந்த இரண்டு நாள் கட்டினார் என்றால் பொதிக்கு 30 ரூபாப்படி 660. 21 ஓடர் வந்த ஒரு வாரம் போன் பார்த்தார் என்றால் 840. இப்போது அவர் கையில் 4,700. அவருக்குப் புதிதாக ஒரு பொருள் யோசிக்க இது கொஞ்சம் அவகாசம் தரும்.

பிரிக்கும்போது ஒருவர் கணக்கைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் எத்தனை விற்றது, என்ன வேலை செய்தார், எவ்வளவு என்று எழுதிய துண்டு கொடுக்க வேண்டும். காசு வங்கிக்குப் போனாலும் துண்டு கையில் கொடுங்கள். கணக்கு எழுதுபவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறட்டும், புதியவர் கடைசி இரண்டு கணக்கைப் பழையவரோடு சேர்ந்து எழுதட்டும்.

நட்டம் யாருக்கு

நட்டம் வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டியது இது. பொருளில் பிழை என்றால், அதாவது நிறை குறைவு, சிக்கு மணம், கல், தையல் விட்டது என்றால், செய்தவர் புதியது கொடுக்க வேண்டும். திரும்ப அனுப்பும் கூலியும் அவருடையது. பொதி மாறிப் போனால் முதல் தடவை நிதி ஏற்கட்டும். கட்டியவருக்குத் தண்டம் போடாதீர்கள். தண்டம் போட்டால் அடுத்த பிழையை மறைப்பார்கள். ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப நடந்தால் அவரை வாசிக்கும் பக்கம் மாற்றுங்கள். வழியில் உடைந்தால் கூரியரிடம் படத்தோடு கேளுங்கள், கிடைக்காவிட்டால் நிதி ஏற்கும். இந்த நிதியில் 15,000 ரூபாவை நட்டத்துக்கென்று தொடாமல் வைத்து, அதற்கு மேல் சேர்ந்ததைக் கொண்டு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாயை மொத்தமாக வாங்கிக் கறித்தூள்காரருக்கு வாங்கிய விலைக்கே கொடுக்கலாம்.

வீட்டில் கொடுத்துக் காசு வாங்கும் முறையில், வாடிக்கையாளர் கதவைத் திறக்காமல் பொதி திரும்பி வருவதுதான் பெரிய நட்டம். பை திரும்பினால் விற்கலாம். தட்டைவடை ஒரு கிழமை சுற்றிவிட்டு வந்தால் விற்க முடியாது. ஆகவே உணவுப் பொருளுக்கு, முதல் தடவை வாங்குபவரிடம் வங்கியில் காசு வாங்கிய பிறகே அனுப்புங்கள். இரண்டு ஓடர் ஒழுங்காக எடுத்தவரிடம் வீட்டில் கொடுத்துக் காசு வாங்கலாம். ஓடர் கொஞ்சம் குறையும், குறைந்தாலும் அதையே செய்யுங்கள்.

சேர்வதும் விலகுவதும்

புதியவர் ஒரே பொருளோடு வந்தால், ஏற்கெனவே செய்பவர்களின் முறை நீளும். ஆகவே அந்தப் பொருளைச் செய்பவர்கள் சம்மதிக்க வேண்டும், மாதிரிப் போத்தலோடு ஒத்துப் போகிற ஒரு தொகுதி செய்து காட்ட வேண்டும். முதல் இரண்டு மாதம் அரை முறை, அதாவது ஐந்து பக்கெட்.

விலகுபவருக்கு அவருடைய விற்ற பொருளின் காசு முழுவதும் போக வேண்டும். கூரியரிடம் நிற்கும் காசு வந்ததும் அதுவும் போக வேண்டும். பொதி வீட்டில் இருக்கும் அவருடைய பக்கெட்டை அவர் எடுத்துச் செல்லலாம். ஆனால் குழு லேபலைக் கழற்றிவிட வேண்டும். பொது நிதியில் அவருக்குப் பங்கு உண்டா என்பதைக் குழு தொடங்கும்போதே யாப்பில் எழுதுங்கள். ஒரு வருடம் முடித்தவருக்கு, நட்டத்துக்கு ஒதுக்கிய தொகை போக மீதியை ஆள் எண்ணிக்கையால் பிரித்து ஒரு பங்கு கொடுக்கலாம். வாடிக்கையாளர் பட்டியல் குழுவினுடையது. விலகியவர் தனியாக விற்கத் தொடங்கினால் அதற்குத் தடை போட முடியாது, போடவும் தேவையில்லை. அவர் போன் முறை வைத்திருந்த வாரத்தில் விலகினால் Linked devices இல் அவருடைய போனை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.